ஜப்பானில் தம்பிக்கு வயிற்றுப்போக்கு: லைன் தலைவரிடம் லீவு கேட்க நாலு வரி வேண்டும்

நாட்டுச்சர்க்கரை (கவுந்தப்பாடி) | திங்கள், காலை 8.10

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி கடந்த அக்டோபரில் ஜப்பான் போனான். பெட்டிச் சாப்பாடு தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. தோக்குதெய் கினோ என்ற திறன் தொழிலாளர் விசா. இங்கே ஆறு மாதம் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய் என்4 தேர்வு எழுதித் தேறியவன்தான்.

நேற்று நள்ளிரவு 12.30க்கு எனக்குப் போன் வந்தது. அங்கே விடியற்காலை 4 மணி. இரண்டு முறை வாந்தி, நான்கைந்து முறை வயிற்றுப்போக்கு, உடம்பு கொதிக்கிறது என்றான். 6 மணிக்கு ஷிப்ட். "க்யோ வா யசுமிமஸ்" என்று மட்டும் லைன் தலைவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, போனை அணைத்துப் படுத்துவிட்டான். 9 மணிக்கு அந்த ஆள் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார். கோபமாகத் திட்டவில்லை. ஆனால் ஏதோ நீளமாகச் சொன்னாராம், இவனுக்குப் பாதிதான் புரிந்தது. "நான் தப்பாக என்ன சொன்னேன், இன்றைக்கு லீவு என்றுதானே சொன்னேன்" என்று அழாத குறையாகக் கேட்கிறான்.

காய்ச்சலில் கிடப்பவன் வாயில் நுழைகிற மாதிரி, சுருக்கமாக, மரியாதையாக எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கும் அவனால் போக முடியாது போலிருக்கிறது.

---

மஞ்சள்மண்டி (ஈரோடு) | காலை 8.34

அம்மணி, ஜப்பானில் சிக் லீவு என்ற ஒன்றே சட்டத்தில் கிடையாது. என் மச்சான் அங்கே மூன்று வருடம் இருந்தான். லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள், பேரும் கெட்டுப்போகும். நாலைந்து தரம் இப்படி ஆனால் விசாவை நீட்டிக்க மாட்டார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாளைக்கு வேலைக்குப் போகச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு என்று வாயே திறக்க வேண்டாம்.

---

காவேரிக்கரை (பவானி, இப்போது சிங்கப்பூர்) | காலை 8.51

இதில் என்ன பெரிய பேச்சு. டாக்டரிடம் போய் எம்சி வாங்கி, போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். வேலைக்கு வராமல் போய் 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவித்தால் போதும். ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு உண்டு. நான் கப்பல் பட்டறையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். "சார், ஃபீவர், டுடே கிளினிக் கோயிங்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

---

நாட்டுச்சர்க்கரை | காலை 9.05

அண்ணா, அது சிங்கப்பூர் சட்டம் அல்லவா? தம்பி இருப்பது ஜப்பான். இன்னும் டாக்டரிடமே போகவில்லை. எந்த டாக்டர், எப்படிப் போவது என்றும் தெரியவில்லை.

---

சென்னிமலைத் தறி (பெருந்துறை) | காலை 10.22

ஜப்பானில் முதியோர் இல்லத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள் நான். இப்போது பெருந்துறையில் மொழி வகுப்பு எடுக்கிறேன். தம்பியின் விஷயத்தில் முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள்மண்டி சொன்ன கடைசி வரியைத் தயவு செய்து கேட்காதீர்கள். அவன் செய்வது சாப்பாட்டு வேலை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ள ஆள் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்பது அங்கே தலையாய விதி. இது குளிர்காலம், நோரோ வைரஸ் பரவும் பருவம். அது கையிலிருந்து உணவுக்குப் போனால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் படுத்துவிடுவார்கள், தொழிற்சாலையைச் சில நாள் மூடும்படி ஆகும். இதை மறைத்து வேலைக்குப் போனால்தான் உண்மையிலேயே பேர் கெடும்.

தினமும் உள்ளே நுழையும் முன் ஒரு தாளை நிரப்புவான், கேளுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, கையில் புண் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே "அரி", "நாஷி" என்று இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும். உண்டு, இல்லை. பொருந்துவதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். புதிதாகப் போன நம் பிள்ளைகள் பலர் என்ன நடந்தாலும் நாஷியைச் சுற்றியே வட்டம் போட்டுப் பழகிவிடுகிறார்கள்.

அடுத்தது, அவன் கேட்டது: தப்பாக என்ன சொன்னேன்? "யசுமிமஸ்" இலக்கணப்படி சரி. ஆனால் அது முடிவு செய்துவிட்டுச் சொல்வது. நம் ஊரில் தறிக்காரர் முதலாளியிடம் "நான் நாளைக்கு வரமாட்டேன்" என்று சொல்வதற்கும், "மேலுக்கு முடியலைங்க, நாளைக்கு லீவு கொடுப்பீங்களா" என்று கேட்பதற்கும் எவ்வளவு தூரம்? அவ்வளவு தூரம் அங்கேயும் உண்டு. அவர்கள் கேட்கும் வடிவம் "யசுமசெத்தெ இத்தாதகெமஸ் கா". பிரித்துப் பார்த்தால், என்னை ஓய்வெடுக்க விடுகிற தயவை நான் பெறலாமா என்று பொருள் வரும். லீவு எடுப்பது நானாக இருந்தாலும், கொடுப்பது நீங்கள் என்று வாக்கியமே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது தவறு, காரணம் சொல்லாதது. மூன்றாவது, போனை அணைத்தது. அதுதான் அந்த ஆளைக் கதவு வரை வரவழைத்தது என்று நினைக்கிறேன். தனியாக அறையில் கிடக்கும் வெளிநாட்டுப் பிள்ளை போனை எடுக்கவில்லை என்றால் உயிரோடு இருக்கிறானா என்றுதான் முதலில் பயப்படுவார்கள்.

நாளைக் காலையில் இப்படிச் சொல்லச் சொல்லுங்கள். செய்தி வேண்டாம், போன். ஷிப்டுக்கு அரை மணி நேரம் முன்பாவது:

> ஓஹாயோ கொசாய்மஸ். (பெயர்) தெஸ்.
> கெரி தொ நெட்சு ங்கா அரிமஸ்.
> மோஷிவாகெ அரிமசென் ங்கா, க்யோ வா யசுமசெத்தெ இத்தாதகெமஸ் கா.
> கொரெகரா ப்யோயின் நி இகிமஸ். அதொதெ ரென்ராகு ஷிமஸ்.

காலை வணக்கம், நான் இன்னார். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இருக்கிறது. மன்னிக்க வேண்டும், இன்றைக்கு ஓய்வெடுக்க அனுமதிப்பீர்களா. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், பிறகு தகவல் சொல்கிறேன். அவ்வளவுதான்.

மூன்றாவது வரி வாயில் நுழையவில்லை என்றால் "யசுந்தெமொ ஈ தெஸ் கா" போதும். ஓய்வெடுத்தால் சரிதானா என்று கேட்பது. கொஞ்சம் பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பது போல இருக்கும், ஆனால் மரியாதைக் குறைவு இல்லை. 39 டிகிரி காய்ச்சலில் யாரும் இலக்கணம் பார்க்க மாட்டார்கள்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று. "கெரி"யின் முதல் எழுத்து, "அங்கே" என்பதில் வரும் மெல்லிய ககரம். அழுத்திச் சொன்னால் "உதை" என்று பொருள்படும் வேறு சொல் ஆகிவிடும். என் மாணவன் ஒருவன் டாக்டரிடம் "நேற்றிலிருந்து எனக்கு உதை" என்று சொல்லிவிட்டு வந்தான்.

"வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி மழுப்பவும் வேண்டாம். வெட்கப்பட்டு நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். வயிற்று வலி என்றால் "சரி, மெதுவாக வா" என்று கூப்பிடலாம். கெரி என்றால் வராதே என்பார்கள்.

---

பனியன்கம்பெனி (திருப்பூர்) | காலை 11.15

எனக்கு ஜப்பான் தெரியாது. நான் லைன் சூப்பர்வைசர். 32 மிஷின் ஓடும் லைனில் ஒரு ஓவர்லாக் ஆள் வரவில்லை என்றால் பின்னால் உள்ள எல்லா இடமும் காலியாக நிற்கும். காலை 8.30க்கு லைன் ஓட வேண்டும், 8 மணிக்குச் சொன்னால் வேறு ஆளை உட்கார வைப்பேன். 9 மணிக்குச் சொன்னால் திட்டத்தான் முடியும்.

எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்றால், ஆள் சொல்லவே மாட்டார். அவருடைய அறையில் இருக்கும் இன்னொருவர், மூன்றாவது ஒருவருடைய போனிலிருந்து கூப்பிட்டு "அவனுக்கு மேலுக்குச் சரியில்லையாம்" என்பார். எப்போது வருவான் என்று கேட்டால் "தெரியலைங்க". எனக்கு நோயின் பெயர் தேவையில்லை. இன்றைக்கு மட்டுமா, நாளைக்கும் வரமாட்டானா, அதை எப்போது எனக்குச் சொல்வான். இந்த மூன்றும் தெரிந்தால் நான் பேசாமல் போனை வைத்துவிடுவேன்.

அக்கா எழுதிய கடைசி வரியில் "பிறகு தகவல் சொல்கிறேன்" என்று இருக்கிறதே, அதுதான் சூப்பர்வைசருக்கு வேண்டியது. ஆனால் எத்தனை மணிக்கு என்று இல்லை. அதையும் சேர்த்துவிடலாம்.

---

சென்னிமலைத் தறி | காலை 11.31

நியாயம்தான் தம்பி. "கோகோ நி ரென்ராகு ஷிமஸ்" என்றால் மதியத்துக்கு மேல் சொல்கிறேன் என்று ஆகும். ஷிப்ட் முடியும் முன் சொல்லிவிட்டால் மறுநாளுக்கு ஆள் போட அவர்களுக்கு வசதி.

அடுத்தவர் வாயால் சொல்லி அனுப்புவது அங்கேயும் எடுபடாது. பேச முடியாத அளவுக்கு முடியவில்லை என்றால் ஒழிய, அறைத்தோழன் சொன்னால் "அவன் ஏன் சொல்லவில்லை" என்ற கேள்விதான் வரும்.

---

ஊத்துக்குளி வெண்ணெய் | மதியம் 12.40

எனக்கு ஒரு சந்தேகம். வயிற்றுப்போக்கு வந்தது அவன் குற்றமா? "மன்னிக்க வேண்டும்", "தயவைப் பெறலாமா" என்று ஏன் கும்பிட்டுக்கொண்டே நிற்க வேண்டும்? உழைக்கப் போன பிள்ளை, அடிமையாகப் போகவில்லை. நோய் வந்தால் ஓய்வு என்பது உரிமை. நேராகச் சொல்ல வேண்டியதுதான்: எனக்கு முடியவில்லை, இன்று வரவில்லை. தம்பி எழுதியது எனக்குச் சரியாகவே படுகிறது.

---

சென்னிமலைத் தறி | மதியம் 1.18

நானும் முதல் வருடம் இப்படித்தான் கொதித்தேன். உள்ளே ஒரு குமுறல் இப்போதும் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வந்தவளைப் பாராட்டும் இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் "மோஷிவாகெ அரிமசென்" நோய் வந்ததற்கான மன்னிப்பு அல்ல. என் இடத்தில் இன்னொருவர் இன்று கூடுதலாக நிற்கப் போகிறாரே, அந்தச் சிரமத்துக்கு. அந்தச் சொல்லை அந்த ஊர்க்காரனும் சொல்வான், அவனுடைய மேலாளரும் சொல்வார். நாம் பேச்சுக்குப் பேச்சு "ங்க" சேர்ப்பதை வெளியூர்க்காரன் பார்த்தால் ஏன் இவ்வளவு பணிவு என்று கேட்பான். நமக்கு அது பணிவாகவே தெரிவதில்லை, "சரிங்க", "இல்லைங்க" என்று வெற்றிலை பாக்குக் கடையில்கூடச் சொல்கிறோம். அங்கே தெஸ், மஸ் அப்படித்தான்.

---

ஊத்துக்குளி வெண்ணெய் | மதியம் 1.30

"ங்க" இருபக்கமும் போகும் அக்கா. அந்த லைன் தலைவர் என் தம்பி வயதுப் பையனிடம் "தயவைப் பெறலாமா" என்று ஒரு நாளாவது கேட்பாரா? எனக்கு ஒப்பவில்லை.

---

நாட்டுச்சர்க்கரை | மாலை 4.50

தம்பி இப்போதுதான் பேசினான். இன்னொரு கூத்து நடந்திருக்கிறது. காலையில் கதவைத் தட்டிய லைன் தலைவர் "ப்யோயின், தாய்ஜோபு?" என்று கேட்டாராம். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்விடுவாயா என்ற பொருளில் கேட்டார் என்று இவன் எடுத்துக்கொண்டு "தாய்ஜோபு தெஸ்" என்று சொல்லிவிட்டான். அவர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். மதியம் அலுவலகத்திலிருந்து போன்: ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொன்னாயாமே, ஏன்?

பிறகு ஒரு பெண் வந்து அழைத்துப் போயிருக்கிறார். மல மாதிரி எடுத்திருக்கிறார்கள். முடிவு வரும் வரை வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அறைத்தோழனுக்கும் இன்று மதியம் வாந்தி ஆரம்பம்.

அக்கா, இன்னொன்று. இப்படி நாலு நாள் போனால் சம்பளம்?

---

சென்னிமலைத் தறி | மாலை 5.25

தாய்ஜோபுவில் விழாத நம் ஆளே கிடையாது. "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றும் ஆகும், "வேண்டாம்" என்றும் ஆகும். தேநீர் வேண்டுமா என்று கேட்டுத் தாய்ஜோபு என்றால் தேநீர் வராது. உடம்பு விஷயத்தில் அந்தச் சொல்லையே தொட வேண்டாம் என்று என் வகுப்பில் சொல்வேன். போகிறேன் என்றால் "இகிமஸ்". கூட ஆள் வேண்டும் என்றால் "இஷ்ஷொ நி ஒனேகாய் ஷிமஸ்". வினைச்சொல்லால் பதில் சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்ள வழி குறைவு.

அழைத்துப் போன பெண் அநேகமாக ஆதரவு அமைப்பைச் சேர்ந்தவர். தோக்குதெய் கினோவில் முதல் வகை விசா என்றால் கம்பெனி நேரடியாகவோ, பதிவு பெற்ற ஓர் அமைப்பின் மூலமாகவோ அவனுக்குப் புரியும் மொழியில் ஆலோசனை கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அவர் எண்ணைப் போனில் முதல் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அவரிடம் சொன்னால் லைன் தலைவரிடம் சொன்னதாக ஆகாது. முதல் போன் தொழிற்சாலைக்கு, இரண்டாவது இவருக்கு.

சம்பளம். மஞ்சள்மண்டி சொன்னதில் பாதி சரி. சட்டப்படியான சிக் லீவு அங்கே இல்லை. கம்பெனி தானாக வைத்திருந்தால் உண்டு. இல்லையென்றால் உள்ளூர்க்காரரும் காய்ச்சலுக்குத் தம் யூக்யூவைத்தான் எடுப்பார், அதாவது சம்பளத்தோடு உள்ள வருடாந்திர விடுப்பு. அது சேர்ந்து ஆறு மாதம் முடிந்து, வேலை நாட்களில் எண்பது சதவீதம் வந்திருந்தால் 10 நாள் கிடைக்கும். தம்பி அக்டோபரில் சேர்ந்தவன், ஏப்ரலில்தான் வரும். ஆகவே இப்போது போகும் நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அது தண்டனைப் பிடித்தம் அல்ல, வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். நோயால் நாலு நாள் படுத்ததற்கு விசாவும் போகாது.

மருத்துவக் காப்பீடு கம்பெனி மூலம் இருக்கிறது என்றால் இன்னொரு வழி உண்டு. அதன் பெயர் ஷோப்யோ தெயாதெகின். நோயால் தொடர்ந்து மூன்று நாள் வேலைக்கு வர முடியாமல் போனால், அந்த மூன்று நாள் காத்திருப்பு. நான்காவது நாளிலிருந்து தினச் சம்பளக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கைக் காப்பீடு கொடுக்கும். நடுவில் ஒரு நாள் "கொஞ்சம் பரவாயில்லை" என்று வேலைக்குப் போனால் மூன்று நாள் கணக்கு முறிந்துபோகும். படிவத்தில் டாக்டரும் கம்பெனியும் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை செய்யும் நிலையில் இல்லை என்று டாக்டர் எழுதினால்தான் கிடைக்கும். உடம்பு தேறிவிட்டது, பரிசோதனை முடிவுக்காக மட்டும் கம்பெனி நிறுத்தி வைத்திருக்கிறது என்றால் அந்த நாட்களைக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். அதில் இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. அந்தப் பெண்ணிடமே கேட்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி ரசீதையும் மருந்துக் கடைச் சீட்டையும் எறிய வேண்டாம். செலவில் முப்பது சதவீதம் அவன் கையிலிருந்து போயிருக்கும். டாக்டர் சான்றிதழைக் கம்பெனி கேட்காதவரை வாங்க வேண்டாம். அது காப்பீட்டில் வராது, சில ஆயிரம் யென் முழுவதும் அவன் பையிலிருந்து போகும். காவேரிக்கரை தம்பி எம்சி எம்சி என்கிறாரே, அங்கே ஒரு நாள் காய்ச்சலுக்கு அதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

---

மஞ்சள்மண்டி | மாலை 6.02

வயிற்றுப்போக்கை மறைக்கச் சொன்னது தப்புத்தான், சாப்பாட்டுக் கம்பெனி என்பதைக் கவனிக்கவில்லை. ஆனால் என் மச்சானுக்குக் காய்ச்சல் வந்த நாட்களைக் கம்பெனியே யூக்யூவில் கழித்துவிட்டது. அவன் கேட்கவே இல்லை. அது மட்டும் நடக்கலாமா?

---

சென்னிமலைத் தறி | மாலை 6.20

கேட்காமல் கழிக்கக் கூடாது. அது தொழிலாளி கேட்டு எடுக்க வேண்டியது. அதே சமயம் அன்று காலையில் போன் செய்து "இன்றைக்கு யூக்யூவாகப் போடுங்கள்" என்று கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை, முன்கூட்டிச் சொல்ல வேண்டிய லீவு அது. பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். உங்கள் மச்சானுக்குக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், என்ன தாள் என்று பார்க்காமல் போட்டிருப்பார்.

---

காவேரிக்கரை | இரவு 9.40

ஓவர்டைம் முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நாங்கள் பேப்பரைக் காட்டினால் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அங்கே பேப்பர் வேண்டாம், வாயைத் திறக்க வேண்டும் என்கிறீர்கள். எனக்கு எம்சியே சௌகரியம். அந்தத் தம்பி உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடிக்கிறானா என்று யாராவது கேட்டீர்களா?

---

நாட்டுச்சர்க்கரை | செவ்வாய், காலை 7.15

குடிக்கிறான் அண்ணா. நன்றி.

இன்று காலை அவனே போன் செய்து பேசினான். நாலு வரியையும் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் கட்டில் சட்டத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு படித்தானாம். "இத்தாதகெமஸ்" வரும்போது நாக்குப் பிறழ்ந்து இரண்டு முறை ஆரம்பித்திருக்கிறான். லைன் தலைவர் முழுவதும் கேட்டுவிட்டு "வகாரிமஷ்தா. ஒதாய்ஜி நி" என்று சொல்லி வைத்துவிட்டார். புரிந்தது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம் என்றான். பேச்சு மொத்தம் அரை நிமிடம்கூட இல்லை. பரிசோதனை முடிவு வியாழன் வரும் என்கிறார்கள்.

அக்கா, முடிவு நல்லபடியாக வந்தால் வேலைக்குப் போகும் அன்று என்ன சொல்ல வேண்டும்? தாய்ஜோபு என்று சொல்லக் கூடாது, அது தெரியும்.

---

சென்னிமலைத் தறி | காலை 7.48

அன்றைக்கு மட்டும் சொல்லலாம், சிரித்துக்கொண்டே. முதலில் "கோமெய்வாகு ஓ ஒகாகெ ஷிமஷ்தா", உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று தலை குனிந்துவிட்டு, பிறகு "மோ தாய்ஜோபு தெஸ்", இப்போது சரியாகிவிட்டது. அந்தத் தாளில் நாஷியைச் சுற்றி வட்டம் போடும் முன் அறைத்தோழன் எப்படி இருக்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள். கூட இருப்பவருக்கு இருக்கிறதா என்று கீழே இன்னொரு வரி இருக்கும்.